நிலுவையில் நிற்கும் உட்பிரிவுப் பட்டா: வட்டாட்சியருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: "50 சென்ட் நிலத்தில் 12 சென்ட் கிரையம் வாங்கி, உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மார்ச் மாதம் விண்ணப்பித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் சர்வேயரிடம் நிலுவை என்றே காட்டுகிறது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன், 'நடவடிக்கையில் உள்ளது' என்று முடித்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். யாருக்கு, என்ன எழுத வேண்டும்?"

வட்டாட்சியருக்கு எழுதுங்கள். பட்டா வேண்டும் என்று கேட்காமல், உங்கள் நிலத்தை அளப்பதற்கு ஒரு தேதி குறித்து அதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மட்டும் கேளுங்கள். வட்டாட்சியரைத் தேர்ந்தெடுப்பதற்கும், கோரிக்கையை இவ்வளவு சுருக்குவதற்கும் உள்ள காரணம் அந்த விண்ணப்பம் அலுவலகத்துக்குள் நகரும் விதத்தில் இருக்கிறது.

பட்டா மாறுதலில் இரண்டு வகை உண்டு. ஒரு புல எண்ணின் உட்பிரிவு முழுவதையும் வாங்கியிருந்தால் பதிவேட்டில் பெயரை மட்டும் மாற்றினால் போதும், யாரும் நிலத்துக்கு வந்து சங்கிலி பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கியது ஒரு உட்பிரிவில் ஒரு பகுதி. அந்தப் பகுதியை அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, புதிய உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் அதற்குப் பட்டா என்ற ஒன்று இருக்க முடியும். அளந்து வரைபடம் தயாரிக்கும் வேலை, நீங்கள் சர்வேயர் என்று சொல்லும் குறுவட்ட அளவருடையது. அவருடைய வரைபடம் வட்ட அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் சரிபார்க்கப்பட்டு, அதன் பின்னரே வட்டாட்சியர் அலுவலகத்தின் ஆணைக்கு வரும். ஆக, "எனக்குப் பட்டா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று நீங்கள் இன்று எழுதினால், வட்டாட்சியர் மனம் வைத்தாலும் அதை அவரால் இன்று செய்ய முடியாது, ஏனெனில் அவர் ஒப்பம் இடுவதற்கான வரைபடமே இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட கோரிக்கைக்கு அலுவலகம் உண்மையாகவே தரக்கூடிய பதில் "நடவடிக்கையில் உள்ளது" என்பதுதான். ஆட்சியர் அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த மனு முடிந்துபோனதும் இதனால்தான் இருக்கும்: அந்தப் பதில் பொய்யல்ல, கேட்ட கேள்விக்குப் பொருந்துகிறது, மனுவும் கணக்கில் தீர்வானதாக ஏறிவிடுகிறது.

அதற்கு மாறாக, அளவீட்டுக்குத் தேதி கேட்கும் கடிதத்தை "நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதி மூட முடியாது. தேதி கொடுக்க வேண்டும், அல்லது ஏன் கொடுக்க இயலாது என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது வந்தாலும் உங்களுக்கு லாபம். "விற்பனையாளர் பெயர் பட்டாவில் இல்லை", "கூட்டுப் பட்டாவில் மற்றவர்கள் ஆட்சேபித்துள்ளனர்", "ஆவணத்தில் புல எண் தவறாக உள்ளது" என்பன போன்ற உண்மையான தடை ஏதேனும் இருந்தால் அது முதன்முறையாகக் காகிதத்துக்கு வரும்.

குறுவட்ட அளவருக்கே ஏன் நேரடியாக எழுதக்கூடாது என்று கேட்கலாம். அவரைச் சந்தித்துப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அவருக்கு உத்தரவிடும் இடத்திலும், கடிதத்தைப் பதிவு செய்து எண் கொடுக்கும் இடத்திலும் இருப்பது வட்ட அலுவலகம். அளவரிடம் நேரில் கொடுத்த காகிதத்துக்குப் பெரும்பாலும் எண் இராது. எண் இல்லாத காகிதத்தை மூன்று மாதம் கழித்து யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

எழுத உட்காரும் நாளன்று eservices.tn.gov.in தளத்தில் விண்ணப்பத்தின் நிலையை மறுபடியும் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு முன் அளவரிடம் இருந்தது இன்று வேறு மேசைக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் அளவீட்டுத் தேதி கேட்கும் கடிதம் பொருந்தாது, அந்த மேசை அடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத்தான் கேட்க வேண்டும். நிராகரிக்கப்பட்டதாகக் காட்டினால் நிலைமை முற்றிலும் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி பார்வைக் குறிப்புகளுக்கு வருகிறேன். அரசுக் கடிதங்களில் "பொருள்" என்பதற்குக் கீழே "பார்வை" என்று ஒரு பகுதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுமக்கள் எழுதும் மனுக்களில் இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அல்லது எல்லா விவரங்களையும் கடிதத்தின் நடுவே கதைபோல் சொல்லிச் செல்கிறார்கள். கடிதத்தை முதலில் எடுக்கும் இளநிலை உதவியாளர் உங்கள் கதையைப் படிப்பதற்கு முன், இது எந்தக் கோப்பில் சேர வேண்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தேவை எண்ணும் தேதியும். எனவே நடந்தவற்றைக் கால வரிசையில் பார்வையில் வைத்துவிட்டு, கடிதத்தின் உடலில் "பார்வை 2-இல் காணும் விண்ணப்பம்" என்று சுட்டினால் போதும். கிரைய ஆவணத்துக்கு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம். எண்ணை மட்டும் எழுதினால், அதே எண்ணில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஓர் ஆவணம் இருக்கும். விண்ணப்ப எண்ணை ஒப்புகைச் சீட்டில் உள்ளபடி சாய்கோடுகள் உட்பட அப்படியே எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் திரையில் வேறொருவருடைய விண்ணப்பம் வந்து நிற்கும். உட்பிரிவுக் கட்டணம் செலுத்திய ரசீதின் எண்ணும் நாளும் அவசியம், ஏனெனில் கட்டணம் வரவில்லை என்று சொல்லிக் காலம் கடத்த அது இடம் தராது.

நிலத்தின் அடையாளத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் பரப்பில்தான் தொடங்குகின்றன. உங்கள் பத்திரத்தில் 12 சென்ட் என்று இருக்கும், வருவாய்த்துறைப் பதிவேட்டிலோ ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் 12 சென்ட் ஏறத்தாழ 486 சதுர மீட்டர், அதாவது 4.86 ஏர்ஸ். முழு உட்பிரிவான 50 சென்ட் 20.23 ஏர்ஸ். கடிதத்தில் இரண்டு அளவையும் எழுதுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதே வேறொன்றும் தெரிய வரலாம்: பத்திரத்தின்படி 50 சென்ட் என்று சொல்லப்படும் நிலம் சிட்டாவில் 19 ஏர்ஸ் மட்டுமே இருந்தால், ஏறத்தாழ 3 சென்ட் பதிவேட்டில் குறைகிறது. அளவர் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அந்த நிலையில் யார் பங்கில் குறைவு என்ற கேள்வியை விற்றவரோடு பேசித் தெளிவுபடுத்திக்கொண்டு எழுதுவது நல்லது. பழைய பட்டா எண், வருவாய்க் கிராமத்தின் பெயரும் எண்ணும், குறுவட்டத்தின் பெயர் ஆகியவற்றையும் சேருங்கள். ஊர் வழக்கில் சொல்லும் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறாக இருக்கும். சிட்டாவில் அச்சாகியுள்ள பெயரையே எழுத வேண்டும்.

உங்கள் விவரத்தை வைத்துக் கடிதத்தை எழுதிக் காட்டுகிறேன். எண்களும் தேதிகளும் மாதிரிக்கானவை, உங்களுடையவற்றை இட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(பெயர், தந்தை பெயர், முழு முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், (வட்டத்தின் பெயர்)

நாள்: 06.10.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: பட்டா மாறுதல் – (கிராமம்), புல எண் 147/2 – உட்பிரிவு செய்யக் கோரிய விண்ணப்பம் – குறுவட்ட அளவரிடம் நிலுவை – அளவீட்டுத் தேதி நிர்ணயித்துத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. கிரைய ஆவண எண் (…)/2025, சார்பதிவாளர் அலுவலகம் (…), நாள் 10.02.2025.
2. எனது இணையவழி விண்ணப்ப எண் (…), நாள் 18.03.2025.
3. உட்பிரிவுக் கட்டண ரசீது எண் (…), நாள் 18.03.2025.
4. மாவட்ட ஆட்சியரிடம் அளித்த மனு எண் (…), நாள் 14.07.2025.

மேற்படி கிராமம், புல எண் 147/2, பட்டா எண் (…), மொத்தம் 50 சென்ட் கொண்ட நிலத்தில் 12 சென்ட் (ஏறத்தாழ 0.04.86 ஹெக்டேர்) பகுதியைப் பார்வை 1-இல் காணும் ஆவணத்தின்படி கிரையம் பெற்றுள்ளேன். அப்பகுதியை உட்பிரிவு செய்து பட்டா மாற்றக் கோரி, பார்வை 2-இன்படி விண்ணப்பித்து, பார்வை 3-இன்படி கட்டணமும் செலுத்தியுள்ளேன்.

06.10.2025 அன்று இணையத்தில் பார்த்தபோது விண்ணப்பம் குறுவட்ட அளவரிடம் நிலுவையில் இருப்பதாகக் காட்டுகிறது. இந்நாள் வரை அளவீட்டுக்கான அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. பார்வை 4-இல் காணும் மனுவிற்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் பெறப்பட்டது. அதில் அளவீட்டுத் தேதி குறிப்பிடப்படவில்லை.

எனவே, மேற்படி நிலத்தை அளந்து உட்பிரிவு செய்வதற்கான தேதியை நிர்ணயித்து, அதனை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேதி நிர்ணயிக்க இயலாத நிலை இருப்பின் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பார்வை 1 முதல் 4 வரையிலானவற்றின் நகல்கள், விண்ணப்ப நிலைப் பக்கத்தின் அச்சு நகல்.

இதில் எதை விட்டிருக்கிறேன் என்பதையும் கவனியுங்கள். எத்தனை முறை அலைந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், வீடு கட்ட வங்கிக் கடன் காத்திருக்கிறது, அளவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்ற சந்தேகம் ஆகிய எதுவும் இதில் இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கோபத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் குற்றச்சாட்டு ஒன்று கடிதத்தில் நுழைந்த அந்த நிமிடத்தில் அது புகார் மனுவாகிவிடுகிறது. சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கும் தனிக் கோப்பாகப் பிரிந்து போய், அளவீடு அந்த விளக்கத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். லஞ்சம் கேட்டார்கள் என்று சொல்ல ஆதாரம் இருந்தால், அதை ஊழல் தடுப்புத் துறையிடம் தனியாகக் கொண்டுபோங்கள், இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அதே காரணத்துக்காக, பாதை ஆக்கிரமிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் வேலி என்று இரண்டாவது கோரிக்கை எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு கோரிக்கைகள் இருந்தால் எளிதானதற்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள்.

நகல்களை முதலமைச்சர் முதல் எல்லோருக்கும் அனுப்பும் வழக்கத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. எங்கே அனுப்பினாலும் அது கடைசியில் அதே வட்ட அலுவலகத்துக்குத்தான் அறிக்கை கேட்டு இறங்கி வரும், நான்கு இடங்களுக்கு நான்கு அறிக்கை எழுதும் வேலைதான் கூடும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் சுருக்கொப்பமும் பெறுங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் அது சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். சில நாள் கழித்துச் சென்று, கடிதத்துக்கு என்ன "ந.க. எண்" கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடப்புக் கணக்கு எண் எனப்படும் அதுவே இனி உங்கள் கோப்பின் முகவரி. அடுத்து எழுதும் எந்தக் கடிதத்திலும் அது பார்வையில் இடம்பெற வேண்டும்.

பொதுமக்களின் மனுவைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்த (அ) துறையின் அரசாணை (நிலை) எண் 99, நாள் 21.09.2015 சொல்கிறது. முதல் கடிதத்தில் இதை எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. முதல் கடிதத்திலேயே ஆணை எண்ணைக் காட்டினால் மிரட்டுவதுபோல் தொனிக்கும். ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லாதபோது எழுதும் நினைவூட்டலில் அது பார்வையில் ஏறட்டும். அந்த நினைவூட்டல் மூன்று நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது, கோரிக்கையும் சொல்லுக்குச் சொல் அதேயாக இருக்க வேண்டும். கோரிக்கையை மாற்றிவிட்டால் அது புதிய மனு, காலக்கெடுவும் புதிதாகத் தொடங்கும்.

நினைவூட்டலோடு கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன் கீழ் வட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தனி விண்ணப்பம் ஒன்று, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். அங்கேயும் "ஏன் தாமதம்" என்று கேட்டால் பயனில்லை, ஏனெனில் அந்தச் சட்டம் கோப்பில் இருப்பதைத் தரச் சொல்கிறதே தவிர விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, அது குறுவட்ட அளவருக்கு அனுப்பப்பட்ட நாள், அவர் அதன்மீது எழுதிய குறிப்புகளின் நகல், அளவீட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அறிவிப்பே அனுப்பப்படவில்லை என்று பதில் வந்தால், உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்னதை அலுவலகமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. பின்னால் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலை வந்தால், அதிகாரியிடம் கோரிக்கை வைக்கப்பட்டது, அவர் அதன்மீது செயல்படவில்லை என்பதையே முதலில் காட்ட வேண்டியிருக்கும். முத்திரையிட்ட நகலும் இந்தப் பதிலும் அதற்குப் போதுமான அடித்தளம்.

நிராகரிக்கப்பட்டதாகத் திரையில் காட்டினால், அளவீட்டுத் தேதி கேட்கும் கடிதத்தை அனுப்பாதீர்கள். முடிந்துபோன விண்ணப்பத்தின்மீது யாரும் அளக்க வர மாட்டார்கள். அப்போது கேட்க வேண்டியது, காரணத்துடன் கூடிய நிராகரிப்பு ஆணையின் நகல். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றை முடிவு செய்யலாம். காரணம் சரிசெய்யக்கூடியதாக, எடுத்துக்காட்டாக விற்றவர் பெயரில் பட்டா இல்லாமல் அவருடைய தந்தை பெயரில் இருப்பதாக இருந்தால், வாரிசுச் சான்றும் மூலப் பத்திரமும் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவு. காரணம் தவறென்று கருதினால், தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன் பிரிவு 12-இன்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் ஆணை உங்கள் கைக்கு வந்த நாளை அதன் மேலேயே குறித்து வையுங்கள். பக்கத்துப் பங்குதாரர் உரிமையையே மறுத்து ஆட்சேபித்திருந்தால் மட்டும் எந்தக் கடிதமும் உதவாது. உரிமை வழக்கைத் தீர்க்க வட்டாட்சியருக்கு அதிகாரமில்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அது போக வேண்டும்.

தேதி வந்துவிட்டால், அன்று மூலப் பத்திரம், சிட்டா நகல், பத்திரத்தோடு இணைந்த வரைபடம் இருந்தால் அது, எல்லைகளைக் காட்டத் தெரிந்த விற்பனையாளர் ஆகியோருடன் நிலத்தில் இருங்கள். அளந்து முடிந்ததும் அளவரிடம் வரைபடம் எந்த நாளில் வட்ட அலுவலகத்துக்கு மேலனுப்பப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் பிறகும் திரை மாறாமல் நின்றால், அடுத்த கடிதத்தின் பார்வையில் ந.க. எண்ணும் அளவீடு நடந்த நாளும் சேரும், கோரிக்கை "அளவீட்டு வரைபடத்தைப் பெற்று ஆணை பிறப்பிக்க வேண்டும்" என்று மாறும்.